கிழமை தொடங்க முதல் தையல் மணியைக் கூட்டிப் பார்ப்பது எப்படி?

"அக்கா, நான் குருக்கள்மடத்தில் வீட்டிலேயே பிளவுஸ், பஞ்சாபி தைத்துக் கொடுக்கிறேன். பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் வெள்ளி, சனி வந்தால் விடிய விடியத் தைக்க வேண்டியிருக்கிறது, அப்படித் தைத்தும் இரண்டு பேருக்காவது சொன்ன நாளில் கொடுக்க முடிவதில்லை. எவ்வளவு ஓர்டர் ஏற்கலாம் என்று கிழமை தொடங்க முதலே பார்க்க ஒரு வழி இருக்கிறதா? கோயிலில் வைகாசிச் சடங்கும் வரப்போகிறது."

வழி இருக்கிறது தங்கச்சி. ஒரு கொப்பியும் ஞாயிற்றுக்கிழமை இரவில் 20 நிமிடமும் போதும். ஆரையம்பதியில் நான் தையல் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. முதல் ஏழெட்டு வருடம் நானும் உங்களைப் போலத்தான் வெள்ளிக்கிழமைகளில் தூங்காமல் இருந்தேன். அதனால் கணக்கை ஒரு கிழமைக்கு முழுசாகவே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் ஓர் உருப்படிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று உங்களுக்கே தெரிய வேண்டும். சாதாரண பிளவுஸுக்கு எவ்வளவு என்று எந்தத் தையல்காரியைக் கேட்டாலும் "ஒன்றரை மணித்தியாலம்" என்பார். அவர் சொல்வது மெசினில் இருக்கும் நேரத்தை மட்டும். துணியை நனைத்து, காயவைத்து, அயன் பண்ணி, அளவுக் கொப்பியைத் தேடி எடுத்து, வெட்டி, பிறகு கொக்கி கட்டி, ஓரம் கையால் மடித்து, நூல் வெட்டி, மடித்துப் பையில் போடும் வரை எண்ணினால் என் கடையில் ஒரு சாதாரண பிளவுஸுக்கு இரண்டரை மணித்தியாலம் போகிறது. (நனைத்த துணி காயும்வரை காத்திருப்பதை எண்ணாதீர்கள், அதற்குள் வேறு வேலை செய்யலாம். கைபடும் நேரம் மட்டும்தான் கணக்கு.) லைனிங் பிளவுஸுக்கு நாலு மணித்தியாலம். பஞ்சாபி ஒரு செட்டுக்கும் நாலு. பழைய உடுப்பைப் பிடித்தோ விரித்தோ கொடுப்பதற்கு முக்கால் மணித்தியாலம். இவை என் கையின் கணக்கு, உங்களுடையது கூடவோ குறையவோ இருக்கும். ஒவ்வொரு வகையிலும் மூன்று உருப்படிக்கு, தொடங்கிய நேரமும் எழும்பிய நேரமும் துணியோடு குத்திய துண்டுக் கடதாசியில் எழுதுங்கள். மூன்றில் எது நடுவில் வருகிறதோ அதை எடுங்கள். மிக விரைவாக முடித்த அந்த ஒரு நாளை எடுக்க மனம் வரும், எடுக்காதீர்கள்.

நினைவில் இருந்து சொல்லாமல் ஏன் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், நாம் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வோம். 1994 இல் ரோஜர் பியூலர் என்பவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே பிழைத்துப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள், 49 நாள் அளவில் சொன்னார்கள். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கு மேல். ஆகக் கெட்டது நடந்தால் இவ்வளவு என்று சொன்னதைக்கூட உண்மை தாண்டிவிட்டது. ஆகவே கடுமையாக யோசித்துச் சொன்னாலும் சரிவராது. போன கிழமை உண்மையில் எவ்வளவு போனது என்ற குறிப்பைத்தான் நம்பலாம்.

அடுத்தது, உங்களிடம் இருக்கும் மணி. "பகல் முழுக்க வீட்டில்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். வீட்டில் இருப்பது வேறு, மெசினில் இருப்பது வேறு. காலை எட்டு முதல் பின்னேரம் ஐந்து வரை வீட்டில் இருந்தால், சாப்பாட்டு நேரம் போக மனதுக்குள் "எட்டு மணித்தியாலம், ஆறு நாள், 48" என்று ஒரு கணக்கு தானாக ஓடும். அந்த 48 ஐ வைத்துத்தான் ஆட்களுக்கு "ஓம்" சொல்கிறோம்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஒரு வீட்டை எடுப்போம். காலை எட்டரைக்கு இருந்து பதினொன்றரைக்குச் சமையலுக்கு எழும்பினால் மூன்று மணித்தியாலம். பிள்ளைகள் வந்து, சாப்பாடு முடிந்து, இரண்டரைக்கு மறுபடி இருந்து ஐந்துக்கு எழும்பினால் இரண்டரை. ஆக ஒரு நாளைக்கு ஐந்தரை. திங்கள் முதல் வெள்ளி வரை 27.5, சனி காலை மட்டும் 3, மொத்தம் 30.5. இரவு நேரத்தை நான் எண்ணவில்லை, நீங்களும் எண்ண வேண்டாம். எண்ணினால் கிழமை தொடங்க முதலே அதை விற்றுவிடுவீர்கள், பிறகு கரண்ட் போன நாளுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளுக்கும் கையில் ஒன்றும் இருக்காது.

இந்த 30.5 இல் ஏற்கனவே வேறு வேலைக்குக் கொடுத்துவிட்ட மணிகள் இருக்கும். செவ்வாய் பின்னேரம் சங்கக் கூட்டம் என்றால் ஒன்றரை மணித்தியாலம். புதன் காலை லைனிங், நூல், கொக்கி வாங்கக் காத்தான்குடிக்குப் போனால், பஸ்ஸுக்கு நிற்பதும் கடை கடையாக நிறம் பொருத்திப் பார்ப்பதும் சேர்ந்து அந்தக் காலை முழுக்கப் போய்விடும், மூன்று மணித்தியாலம். அப்புறம் யாருமே எழுதாத ஒன்று இருக்கிறது: அளவு கொடுக்க, போட்டுப் பார்க்க, எடுத்துப்போக வரும் ஆட்கள். ஒருவர் வந்தால் கால் மணித்தியாலம். அவர் உங்கள் மாமியின் சொந்தம் என்றால் தேத்தண்ணியும் வேண்டும், அது அரை மணித்தியாலம். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் என்று போட்டாலும் ஆறு நாளைக்கு மூன்று. மூன்றையும் கூட்டினால் 7.5. 30.5 இல் அதைக் கழித்தால் 23.

நாம் மனதில் வைத்திருந்த 48, எழுதிப் பார்த்தால் 23.

இந்த 23 ஐயும் முழுக்க விற்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கை யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள், அது கிட்டத்தட்ட 5. மிச்சம் 18 தான் அந்தக் கிழமைக்கு நீங்கள் வாக்குக் கொடுக்கக்கூடிய மணி. ஐந்தில் ஒரு பங்கு என்பது என் கொப்பியில் பல வருடம் பார்த்து வந்த அளவு. உங்களுக்குச் சின்னப் பிள்ளை இருந்தால், அல்லது மெசின் பழையது என்றால், நாலில் ஒரு பங்கு வையுங்கள். மார்கழி மழைக் காலத்திலும் நான் நாலில் ஒன்றுதான் வைப்பேன். நனைத்த துணி காயாது, கரண்டும் அடிக்கடி போகும்.

இப்போது ஓர்டர்களைப் போடுவோம். ஞாயிறு இரவு கொப்பியில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள். போன கிழமை கொடுத்துத் திரும்பி வந்த இரண்டு பிளவுஸ், பிடித்துக் கொடுக்க வேண்டும், செவ்வாய்க்கு: 1.5. பஞ்சாபி இரண்டு செட், புதனுக்கு: 8. ஞாயிற்றுக்கிழமை ஒரு சாமத்திய வீடு, அதற்கு லைனிங் பிளவுஸ் மூன்று, வெள்ளிக்கு: 12. சாதாரண பிளவுஸ் இரண்டு, சனிக்கு: 5. மொத்தம் 26.5.

எட்டு மணித்தியாலம் ஆறு நாள் என்று நினைக்கிற ஆளுக்கு இது பாதிக் கிழமை வேலை. இன்னும் மூன்று பேர் வந்தாலும் வாங்கி வைப்பார். உண்மையில் இருப்பதோ 23, ஒரு பிழையும் நடக்காவிட்டாலும் 3.5 மணித்தியாலம் காணாது. அந்த மூன்றரைதான் உங்கள் வெள்ளிக்கிழமை இரவு. அது எங்கே இருந்து வருகிறது என்று பல வருடம் எனக்குத் தெரியவில்லை. என் கை மந்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வைகாசியில் அப்படி இரவு இரண்டு மணிக்கு வெட்டிய பிளவுஸ் ஒன்றில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். சாரியோடு வந்த துணி, வேறு வாங்க வழியில்லை. அந்தப் பிள்ளை வேறு நிறத்தில் கை வைத்த பிளவுஸோடுதான் கோயிலுக்குப் போனாள், என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரவில் நான் கத்தரிக்கோல் எடுப்பதில்லை. கொக்கி கட்டுவதும் ஓரம் மடிப்பதும் தவிர இரவு வேலை இல்லை.

சரி, 26.5 ஐ 18 க்குள் கொண்டுவர வேண்டும். இதை ஞாயிறு இரவே செய்தால் ஆட்களுக்குக் கோபம் வராது, வெள்ளி பின்னேரம் செய்தால் வரும். சனிக்குக் கேட்ட சாதாரண பிளவுஸ் இரண்டுக்கும் ஒரு விசேஷமும் இல்லை என்றால் போன் எடுத்து, "சனி அவசரமா? அடுத்த செவ்வாய் தந்தால் வடிவாகத் தைக்கலாம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் "ஓம், பரவாயில்லை" என்பார்கள். 5 போனது, 21.5. சாமத்திய வீட்டு மூன்றில் ஒன்று தாய்க்கு, ஒன்று பெரியம்மாவுக்கு, மூன்றாவது பக்கத்து வீட்டுக்காரிக்கு என்றால், அந்த மூன்றாவதை இன்னொரு தையல்காரியிடம் இப்போதே அனுப்பிவிடலாம். இன்னும் வெட்டாத துணி என்றால்தான் இது முடியும், வெட்டிய துணியை யாரும் வாங்க மாட்டார்கள். 4 போனது, 17.5. இப்போது 18 க்குள் இருக்கிறது.

இங்கேயே கொப்பியை மூடிவிடாதீர்கள். கிழமைக் கூட்டுத்தொகை சரியாக இருந்தும் புதன்கிழமையே பிழைத்துப்போகும். என் கடையில் ஒரு வருடம் தையல் பழகிய பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்வியால்தான் எனக்கு இது விளங்கியது: "அக்கா, சனிக்கிழமை இருக்கிற மணியால் புதன்கிழமை பஞ்சாபியைத் தைக்கலாமா?" தைக்க முடியாதுதானே. அதனால் ஒவ்வொரு கொடுக்கும் நாளுக்கும் தனியாக, அந்த நாள் வரை எவ்வளவு மணி இருக்கிறது, அந்த நாள் வரை எவ்வளவு வேலை முடிந்திருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

நம் 23 மணித்தியாலம் நாளுக்கு நாள் இப்படிப் பிரிகிறது. திங்கள் 5. செவ்வாய் கூட்டம் போக 3.5. புதன் காத்தான்குடி போக 2. வியாழன் 5, வெள்ளி 5, சனி 2.5. இப்போது புதன் பஞ்சாபியைப் பாருங்கள். புதன் வரை முடிய வேண்டியது, திருத்த வேலை 1.5, பஞ்சாபி 8, மொத்தம் 9.5. திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் சேர்ந்தால் 10.5. முடியும் போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஆள் புதன் காலை எட்டுக்கே, வேலைக்குப் போகிற வழியில் எடுக்க வருவார் என்றால்? அப்போது புதனின் 2 மணித்தியாலம் உங்களுக்கு இல்லை. திங்களும் செவ்வாயும் சேர்ந்து 8.5 தான், வேலை 9.5. மொத்தக் கிழமைக்கு இடம் இருந்தும் செவ்வாய் இரவு முழித்திருக்கத்தான் வேண்டும்.

ஆகவே "புதன்" என்று மட்டும் எழுதாமல் "புதன் காலை", "புதன் பின்னேரம்" என்று எழுதுங்கள். காலை என்றால் அந்த நாளின் மணியை எண்ணாமல் முதல் நாளோடு நிறுத்துங்கள். இந்தக் கிழமையில் நான் செய்வது, ஒரு செட்டைப் புதன் காலையும் மற்றதை வியாழன் பின்னேரமும் தருகிறேன் என்று கேட்டு வைப்பது. அப்படியானால் புதன் காலைக்கு 5.5 வேலை, 8.5 மணி இருக்கிறது. வியாழன் பின்னேரத்துக்கு 9.5 வேலை, 15.5 மணி இருக்கிறது. வெள்ளி பின்னேரத்துக்கு 17.5 வேலை, 20.5 மணி. எல்லா இடத்திலும் குறைந்தது மூன்று மணித்தியாலம் இடைவெளி நிற்கிறது, சனி காலையும் கையில் இருக்கிறது. லைனிங் பிளவுஸை வெள்ளி காலைக்குக் கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அப்போது 15.5 மணிக்குள் 17.5 வேலை வந்துவிடும்.

எந்த ஓர்டரை முதலில் தைப்பது என்று பலர் குழம்புவார்கள். முதலில் கொடுக்க வேண்டியதை முதலில் தைத்தால் போதும். நல்ல துணி, பிடித்த வேலை என்று வெள்ளி பிளவுஸைத் திங்கள் எடுத்தால் மேலே பார்த்த இடைவெளிகள் எல்லாம் புதனுக்குள் கரைந்துவிடும்.

இன்னொன்று, எதெல்லாம் "ஏற்ற ஓர்டர்" என்பதில் கவனமாக இருங்கள். துணி வாங்கி வைத்தவை மட்டும் அல்ல. வட்ஸ்அப்பில் பிளவுஸ் படம் அனுப்பி "வெள்ளிக்குத் தருவீங்கதானே" என்று கேட்டவருக்கு நீங்கள் ஒரு கைப்படம் போட்டிருந்தால் அது ஓர்டர்தான். கோயில் வாசலில் நின்று "பார்ப்பம்" என்று சொன்னதும் ஓர்டர்தான். நம் ஊரில் "பார்ப்பம்" என்றால் கேட்டவர் ஓம் என்றுதான் எடுத்துக்கொண்டு போவார். அதனால் ஞாயிறு இரவு கொப்பியை எழுத முதல் போனையும் ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். என் அனுபவத்தில் ஒரு கிழமையில் ஒன்றிரண்டு உருப்படி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கிழமை நடுவில் யாராவது வந்தால் நிற்க வைத்துக்கொண்டே பதில் சொல்லாதீர்கள். கொப்பியைத் திறந்து, அவர் கேட்கும் நாளுக்கு உள்ள இடைவெளியைப் பார்த்து, அவருடைய உருப்படிக்குரிய மணியைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். கழித்த பிறகு மிஞ்சுவது நீங்கள் ஒதுக்கி வைத்த ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டால் அடுத்த கிழமை நாளைக் கொடுங்கள். கொப்பியைப் பார்த்துச் சொல்லும் நாளை ஆட்கள் பெரிதாகத் தர்க்கம் பண்ணுவதில்லை, வாயால் சொல்லும் நாளைத்தான் இழுத்துப் பேசுவார்கள்.

கணக்குப் பிழைக்கிறதா என்பது சனி பின்னேரம் தெரியும். அந்தக் கிழமை தைத்து முடித்தவற்றின் மணியைக் கூட்டிப் பாருங்கள். 17.5 என்று போட்ட வேலை 22 எடுத்திருந்தால், உருப்படிக் கணக்கு குறைவாக இருக்கிறது, எது கூட எடுத்தது என்று கண்டுபிடித்து அந்த எண்ணை மாற்றுங்கள். அனேகமாக லைனிங் பிளவுஸாகத்தான் இருக்கும், பைப்பிங்கும் பின்பக்க வெட்டும் வந்தால் அதைத் தனி வகையாகவே எழுத வேண்டும். வேலை 17.5 தான் எடுத்தது, ஆனால் தைக்கக் கிடைத்த மணியே மொத்தம் 20 தான் என்றால், இருக்கும் மணியைக் கூடப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் 23 உண்மையில் 20 தான். இந்த இரண்டு பிழைக்கும் மருந்து வேறு வேறு, அதனால் இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

வைகாசிக்கு இதே கணக்கைக் கிழமைகளாக அடுக்க வேண்டும். சடங்குக்குக் கோயில் கதவு திறக்க மூன்று கிழமை இருக்கிறது என்று வைப்போம். கிழமைக்கு 18 வீதம் இரண்டு கிழமை 36. மூன்றாவது கிழமை வீடு கழுவ, விருந்தாளி, கோயில் வேலை என்று பாதிதான் இருக்கும், 9. ஆக 45. இதில் சடங்கு இல்லாத வழமையான ஆட்களுக்குக் கிழமைக்கு 6 வீதம் 18 போகும், அவர்களை விட்டால் ஆனியில் உங்களிடம் யார் வருவார்? மிச்சம் 27. லைனிங் பிளவுஸ் ஒன்று 4 மணித்தியாலம், ஆகவே ஆறு பிளவுஸ், கொஞ்சம் மிச்சம். ஆறுதான். போன வருடம் எத்தனை வாங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஆறு இடத்துக்கும் ஒரு நிபந்தனை வையுங்கள், நான் வைத்திருக்கிறேன். பெயர் மட்டும் சொல்லி வைத்தவருக்கு இடம் இல்லை, துணியும் லைனிங்கும் கொண்டுவந்து அளவும் கொடுத்தவருக்குத்தான் இடம். கதவு திறக்க இரண்டு கிழமைக்கு முன் துணி வராவிட்டால் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். துணி பிந்தி வந்தால் 45 மணித்தியாலமும் இருந்தும் பிரயோசனம் இல்லை, முதல் இரண்டு கிழமையும் சும்மா போய், எல்லாம் கடைசி 9 மணித்தியாலத்துக்குள் வந்து நிற்கும். லைனிங்கையும் அவர்களையே வாங்கிவரச் சொன்னால் உங்களுக்குக் காத்தான்குடிப் பயணம் ஒன்று மிச்சம், அந்த மூன்று மணித்தியாலத்தைக் கொப்பியில் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிறு உங்களிடம் உருப்படிக் கணக்கு இன்னும் இல்லை, அதனால் என் எண்களோடு உருப்படிக்கு அரை மணித்தியாலம் கூட்டித் தொடங்குங்கள். இரண்டு கிழமையில் உங்கள் சொந்த எண் வந்துவிடும். அப்போது என்னுடையதை வெட்டிவிடுங்கள்.